கேள்வியிலிருந்து சோதனை வரை: முதுகலை ஆய்வு முன்மொழிவில் புள்ளியியல் பகுதியை எழுதும் வழி

என் முதல் முன்மொழிவின் புள்ளியியல் பகுதி ஒன்றரை வரிதான். "தரவுகள் டி-சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஒட்டுறவு ஆகியவற்றால் பகுத்தாயப்படும். பி மதிப்பு 0.05க்குக் குறைவாக இருந்தால் முக்கியமானதாகக் கொள்ளப்படும்." குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் அதன் ஓரத்தில் பென்சிலால் "எதை? எதனோடு? எத்தனை?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அன்று கோபம் வந்தது. இன்று என்னிடம் கொடைக்கானல் பக்கம் களப்பணி செய்யும் பிள்ளைகள் கொண்டுவரும் முன்மொழிவுகளில் நானும் அந்த மூன்று சொற்களைத்தான் எழுதுகிறேன்.

"எந்தச் சோதனை போட வேண்டும் அக்கா?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். சோதனை கடைசியில் வருவது. கேள்வி, அளக்கும் பொருள், ஆய்வு அலகு, அலகுகளுக்கு இடையிலான கட்டமைப்பு என்ற நான்கும் தீர்ந்துவிட்டால் எஞ்சுவது ஒன்று அல்லது இரண்டு சோதனைகள்தான். இந்த வழியைப் பழனி மலையின் ஓர் ஆய்வை வைத்து முழுதாக நடந்து பார்ப்போம்.

ஆய்வு

மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: தோல் பதனிடத் தேவையான பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரங்கள், நீலகிரிக்காரர்கள் சீகை என்பவை, புல்வெளிகளை மூடிப் பரவிக் கிடக்கின்றன. பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் குனிந்து பார்த்தால் சோலை மரங்களின் கன்றுகள் முளைத்திருப்பதும் தெரியும். சின்னான் போன்ற பறவைகள் பழம் தின்று விதையைப் போட்டுவிட்டுப் போகின்றன. மாணவியின் கேள்வி: வாட்டில் தோப்பில் சோலையை ஒட்டிய ஓரத்தில், தள்ளி இருக்கும் உட்புறத்தைவிடச் சோலைக் கன்றுகள் அதிகமா?

முதலில் கேள்வியை எண்ணாக்குங்கள்

"வாட்டில் தோப்புகளில் சோலை மீளுருவாக்கத்தை ஆராய்தல்" என்பது தலைப்பு. அதை எந்தச் சோதனையாலும் சோதிக்க முடியாது. மாணவியிடம் நான் கேட்பது இது: ஆய்வு முடிந்த நாளில் நீ சொல்லப்போகும் வாக்கியத்தை, நடுவில் ஓர் எண்ணுக்கு வெற்றிடம் விட்டு, இப்போதே எழுது. அவள் எழுதியது: "சோலை விளிம்பிலிருந்து 20 மீட்டருக்குள் இருக்கும் கன்றுகளின் எண்ணிக்கை, 100 மீட்டர் உள்ளே இருப்பதைப் போல ___ மடங்கு."

இந்த ஒரு வாக்கியம் பாதி வேலையை முடித்துவிடுகிறது. அளப்பது கன்றுகளின் எண்ணிக்கை. ஒப்பிடுவது இரண்டு இடங்களை: ஓரம், உட்புறம். வேறுபாட்டை மடங்காகச் சொல்லப்போகிறாள், கழித்து அல்ல. இந்தச் சிறு தேர்வு பின்னால் கணக்கையே மாற்றும். கன்று என்றால் எது என்பதையும் இங்கேயே வரையறுக்க வேண்டும். 30 சென்டிமீட்டருக்கு மேல், ஒன்றரை மீட்டருக்குள் என்று வைத்தாள். வரையறை இல்லாவிட்டால் முதல் வாரம் எண்ணியதும் நான்காம் வாரம் எண்ணியதும் வேறு வேறு பொருள்களாகிவிடும்.

எது ஒன்று?

பெரும்பாலான முன்மொழிவுகள் விழும் பள்ளம் இது. மற்ற படிகளைவிட இங்கே கூடுதலாக நிற்கப்போகிறேன்.

மாணவியின் திட்டப்படி ஒவ்வொரு வாட்டில் திட்டிலும் ஓரத்தில் ஐந்து குவாட்ரட், உட்புறத்தில் ஐந்து குவாட்ரட். ஒவ்வொன்றும் 5 மீட்டருக்கு 5 மீட்டர். பன்னிரண்டு திட்டுகள் என்றால் ஓரத்தில் 60, உட்புறத்தில் 60. "மாதிரி அளவு 60 + 60, சார்பற்ற டி-சோதனை" என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

கயிறும் நான்கு முளைகளுமாக ஒரு குவாட்ரட்டைக் கட்டிவிட்டு, பத்து மீட்டர் தள்ளி அடுத்ததைக் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மேலே அதே தாய்மரம் நிற்கிறது. அதே பறவைக் கூட்டம் வருகிறது. ஐந்து ஆண்டுக்கு முன் விறகுக்கு வெட்டியிருந்தால் இரண்டிலும்தான் வெட்டியிருப்பார்கள். மேய்ச்சல் மாடு நுழைந்தால் இரண்டிலும்தான் நுழையும். முதல் குவாட்ரட்டின் எண்ணிக்கை தெரிந்தால் இரண்டாவதை ஓரளவு ஊகித்துவிடலாம். அப்படியானால் இரண்டாவது குவாட்ரட் புதிதாகச் சொல்லும் செய்தி முழுச் செய்தி அல்ல. 60 என்று எண்ணுவது, ஒரே வீட்டில் ஐந்து பேரிடம் கருத்துக் கேட்டுவிட்டு ஐந்து வீடுகள் என்று எழுதிக்கொள்வதற்குச் சமம்.

இதற்குப் போலி மறுசெய்கை என்று பெயர். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் சூழலியலில் இந்தத் தவற்றுக்குப் பெயர் நிலைத்தது. தவறு மட்டும் இன்னும் போகவில்லை. இதைச் செய்தால் பி மதிப்பு பொய்யாகச் சிறுத்துவிடும்; இல்லாத வேறுபாடு இருப்பதுபோல் தெரியும். உங்கள் முன்மொழிவில் இது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: ஒப்பிடப்படும் நிலை, அதாவது இங்கே தூரம், எந்த அளவில் தனித்தனியாக மாறுகிறது? குவாட்ரட்டுக்குக் குவாட்ரட் மாறவில்லை. திட்டுக்குள் ஓர் ஓரம், ஓர் உட்புறம். எனவே அலகு திட்டு. எண் 12, 120 அல்ல.

பிறகு குவாட்ரட் எதற்கு? ஒரு திட்டின் ஓரத்தை நல்லபடியாக மதிப்பிட. ஐந்தையும் கூட்டி ஒரே எண்ணாக்குங்கள். குவாட்ரட்டைப் பத்தாக்கினால் அந்த ஓர் எண் திருத்தமாகும், திட்டுகள் பன்னிரண்டுதான். நேரமும் ஜீப் வாடகைக்கான பணமும் குறைவாக இருந்தால் குவாட்ரட்டைக் குறைத்துத் திட்டைக் கூட்டுங்கள்.

திட்டுகள் தனித்தனி என்பதையும் எழுத வேண்டும். ஒரே சோலையின் இரு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும் வாட்டில் இரண்டு திட்டு அல்ல. "வெவ்வேறு சோலைகளை ஒட்டியவை, ஒன்றுக்கொன்று குறைந்தது 500 மீட்டர் இடைவெளி" என்று ஒரு விதி வைத்து, அதை முன்மொழிவிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டமைப்பு: இணையா, தனியா?

ஒவ்வொரு திட்டிலும் ஓரமும் உட்புறமும் சேர்ந்தே வருவதால் இவை இணைத் தரவுகள். கூக்கால் பக்கத் திட்டு ஈரமாக இருந்தால் அதன் இரண்டு இடங்களும் ஈரம். வேறுபாட்டை எடுக்கும்போது அந்த ஈரம் தானாகக் கழிந்துவிடும். இணையைப் பிரித்துச் சார்பற்ற சோதனை போட்டால் திட்டுக்குத் திட்டு இருக்கும் பெரிய வேறுபாடு முழுவதும் இரைச்சலாக உள்ளே வந்து, உண்மையான வேறுபாட்டை மறைத்துவிடும். முந்தைய தவறு இல்லாததைக் காட்டியது. இது இருப்பதை மறைக்கிறது.

இணை கழிக்காதது ஒன்று உண்டு. சோலைகள் பெரும்பாலும் மலை மடிப்புகளில், நீர் வழியும் பள்ளங்களில் நிற்பவை. சோலையிலிருந்து 100 மீட்டர் விலகினால் பல இடங்களில் மேட்டில் ஏறுகிறோம்; மண் காய்ந்திருக்கும். அங்கே கன்று குறைந்தால் விதை வரவில்லையா, ஈரம் போதவில்லையா? எந்தச் சோதனையும் இதைப் பிரித்துச் சொல்லாது. களத்தில்தான் பிரிக்க முடியும்: இரண்டு இடங்களையும் ஒரே உயரக்கோட்டில், ஏறாமல் இறங்காமல் பக்கவாட்டில் தேர்ந்தெடுங்கள். அது முடியாத திட்டுகளை விடுங்கள். 100 மீட்டர் புள்ளிக்கு அருகில் வேறு சோலை இல்லை என்பதையும் பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் முன்மொழிவில் "தூரத்தோடு தொடர்பு" என்று எழுதுங்கள், "தூரத்தின் விளைவு" என்று எழுதாதீர்கள். நாம் எதையும் மாற்றிப் பார்க்கவில்லை, இருப்பதை எண்ணுகிறோம்.

எண்ணிக்கையின் குணம்

எண்ணிக்கை என்றதும் பாய்சான் பரவல் என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தப் பரவலில் சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் சமம். கன்றுகள் அப்படி நடந்துகொள்வதில்லை. கணக்குக்காக ஒரு திட்டின் ஓரத்தில் ஐந்து குவாட்ரட்டிலும் 0, 2, 19, 1, 12 கன்றுகள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டல் 34, சராசரி 6.8, விலக்க வர்க்கச் சராசரி ஏறத்தாழ 69.7. சமமாக இருக்க வேண்டியது பத்து மடங்கு. பறவை உட்காரும் கிளைக்குக் கீழே கொத்தாக விதை விழுவதால் வருவது இது. பாய்சான் என்று எழுதியிருந்தால் நம்பிக்கை இடைவெளி பொய்யாகக் குறுகியிருக்கும். குவாட்ரட் அளவில் கணக்குப் போடுவதாக இருந்தால் இந்தக் கூடுதல் சிதறலுக்கு இடம் தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவல் தேவை.

ஆனால் நாம் கூட்டிவிட்டோம். திட்டுக்கு ஓர் இணை. வேறுபாட்டை மடங்காகச் சொல்வது என்றும் முடிவு செய்துவிட்டோம். எனவே ஒவ்வொரு திட்டிலும் ஓரத்தின் கூட்டலை உட்புறத்தின் கூட்டலால் வகுத்து, அதற்கு மடக்கை எடுத்தால் திட்டுக்கு ஒரே எண் வரும். அந்த எண்களின் சராசரி பூச்சியத்திலிருந்து விலகியிருக்கிறதா என்பதே சோதனை. இணை டி-சோதனை, மடக்கை அளவில். ஒரு பக்கத்தில் எழுதலாம், நேர்காணலில் கரும்பலகையில் விளக்கலாம். முதுகலை மாணவி தன்னால் விளக்க முடியாத மாதிரியை முதன்மைப் பகுப்பாய்வாக வைக்கக்கூடாது என்பது என் பிடிவாதம்.

இயல்நிலைப் பரவல் பற்றி ஒரு சொல். அது தேவைப்படுவது கன்று எண்ணிக்கைக்கு அல்ல, திட்டுக்கு ஒன்றாக வரும் அந்த வேறுபாட்டு எண்களுக்கு. "முதலில் ஷாபிரோ-வில்க் சோதனை, அதில் தேறாவிட்டால் வில்காக்சன்" என்று பலர் எழுதுகிறார்கள். குறைந்த தரவில் ஷாபிரோ-வில்க் எதையும் பிடிக்காது. நிறைந்த தரவில் பொருட்படுத்தத் தேவையில்லாத கோணலையும் பிடித்துவிடும். வேறுபாடுகளைப் படமாக வரைந்து, ஒன்றிரண்டு திட்டுகள் மட்டும் தனியே தூரப்போய் நிற்கின்றனவா என்று பாருங்கள். வில்காக்சன் குறியிட்ட தரச் சோதனையைத் துணையாக வைத்து இரண்டையும் அறிக்கையில் தருவேன் என்று முன்கூட்டியே எழுதலாம். தரவு வந்தபின் எது சாதகமோ அதைத் தேர்ந்தெடுப்பது மட்டும் கூடாது.

எத்தனை திட்டு?

வில்காக்சனில் நான்கு இணைகள் மட்டும் இருந்தால், நான்கிலும் ஓரமே அதிகம் என்று வந்தாலும், இருபக்கச் சோதனையில் வரக்கூடிய மிகச் சிறிய பி மதிப்பு 0.125. ஐந்துக்கு 0.0625. ஆறு இணை வந்தால்தான் 0.05க்குக் கீழே இறங்கவே வாய்ப்பு உண்டு. எத்தனை என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டவர்களில் சிலர் முடியவே முடியாத சோதனையை முன்மொழிந்திருப்பார்கள்.

முன்னோட்டக் களப்பணியில் நான்கு திட்டுகள் பார்த்ததாக வைப்போம். ஓரத்தின் கூட்டல் 34, 11, 52, 19. உட்புறம் 14, 9, 20, 12. இயற்கை மடக்கை வேறுபாடுகள் 0.89, 0.20, 0.96, 0.46. சராசரி 0.63, அதாவது ஏறத்தாழ 1.9 மடங்கு. திட்ட விலக்கம் 0.36.

இங்கே இரண்டு தவறுகள் காத்திருக்கின்றன. முதலாவது, இந்த 1.9 மடங்கையே இலக்காக வைத்து மாதிரி அளவைக் கணக்கிடுவது. நான்கு திட்டுகளில் வந்த எண் நாளை எப்படியும் மாறும். பயன்படுத்த வேண்டியது, எவ்வளவு வேறுபாடு இருந்தால் வனத்துறைக்கோ மறுசீரமைப்பு செய்பவருக்கோ அது பொருட்படுத்தத் தக்கது என்ற எண். ஒன்றரை மடங்கு என்று மாணவி வழிகாட்டியோடு பேசி முடிவு செய்தாள். ஏன் என்று இரண்டு வாக்கியமும் எழுதினாள். இரண்டாவது தவறு, 0.36ஐ அப்படியே நம்புவது. நான்கு எண்களிலிருந்து வந்த திட்ட விலக்கம் மிகவும் தள்ளாடக்கூடியது. 80 சதவீத மேல்வரம்பை எடுத்தால் அது ஏறத்தாழ 0.6 ஆகிறது. அதைப் போடுவதுதான் பாதுகாப்பு. ஒன்றரை மடங்கு வேறுபாடு உண்மையில் இருந்தால் அதை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க எத்தனை திட்டு தேவை என்று ஆர் மென்பொருளில் இப்படிக் கேட்கலாம்:

```r
power.t.test(delta = log(1.5), sd = 0.6,
             power = 0.8, type = "paired")
```

0.36 என்று போட்டிருந்தால் ஒன்பது திட்டு போதும் என்று வந்திருக்கும். 0.6க்கு இருபது தேவை. முன்னோட்டத்தின் மேல் வைத்த அதீத நம்பிக்கையின் விலை பதினொரு திட்டுகள். நாளுக்கு ஒரு திட்டு என்றால் இருபது வேலைநாள். பழனி மலையில் மழையும் பனிமூட்டமும் பறிக்கும் நாட்களைச் சேர்த்தால் ஒன்றரை மாதம். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது; உங்கள் திட்டு அதற்குள் வந்தால் அனுமதிக்கு ஆகும் காலத்தையும் கால அட்டவணையில் காட்ட வேண்டும்.

பதினைந்துதான் முடியும் என்றால் அதையும் எழுதலாம். "பதினைந்து திட்டுகளோடு ஒன்றரை மடங்கு வேறுபாட்டைத் தவறவிடும் வாய்ப்பு கூடும், ஆகவே முக்கியமற்ற முடிவு வந்தால் வேறுபாடு இல்லை என்று கூறமாட்டோம், நம்பிக்கை இடைவெளியைத் தருவோம்." இப்படி எழுதிய முன்மொழிவை எந்தக் குழுவும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

வழி முட்டினால் எங்கே திரும்புவது

உட்புறத்தில் ஏதாவது ஒரு திட்டில் ஒரு கன்றும் இல்லாவிட்டால்? பூச்சியத்தால் வகுக்க முடியாது. எல்லாவற்றோடும் ஒன்றைக் கூட்டிவிடலாம் என்பார்கள். கூட்டும் எண்ணுக்கு ஏற்ப விடை மாறும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. மாற்றுவழியை இப்போதே எழுதுங்கள்: எந்தத் திட்டிலாவது பூச்சியக் கூட்டல் வந்தால், குவாட்ரட் எண்ணிக்கைகளின் மேல் எதிர்மறை ஈருறுப்புக் கலப்பு மாதிரி முதன்மையாகும்.

```r
library(glmmTMB)
glmmTMB(kandru ~ idam + (1 | thittu) + (1 | thittu:idam),
        family = nbinom2, data = k)
```

இதில் கடைசி உறுப்பைக் கவனியுங்கள். `(1 | thittu)` மட்டும் எழுதினால் ஓரத்தின் ஐந்து குவாட்ரட்டும் தனித்தனிச் சான்றுகளாகத் தூரத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். முன்வாசலில் விரட்டிய போலி மறுசெய்கை பின்வாசல் வழியே வந்துவிடும். கலப்பு மாதிரி போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் பலர் இதைப் பார்ப்பதில்லை.

இன்னொரு ஆசையையும் கட்டுப்படுத்த வேண்டும். கன்றுகளை இனம் பிரித்து எண்ணினால் பதினேழு இனம் தேறலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை போடத் தோன்றும். உண்மையில் எதிலும் வேறுபாடு இல்லை, சோதனைகளும் ஒன்றையொன்று சாராதவை என்றாலும், பதினேழில் ஒன்றாவது 0.05க்குக் கீழே வருவதற்கான வாய்ப்பு 58 சதவீதம். மொத்த எண்ணிக்கை ஒன்றே முதன்மைக் கேள்வி. இனவாரிப் படங்கள் விளக்கத்துக்கு மட்டும், பி மதிப்பு இல்லாமல்.

எழுதி முடித்த பத்தி

மாணவியின் இறுதி வடிவம் ஏறத்தாழ இது. உங்கள் முன்மொழிவு ஆங்கிலத்தில் இருந்தாலும் வாக்கியங்களின் வரிசை இதுவாக இருக்கட்டும்.

"ஆய்வு அலகு வாட்டில் திட்டு (20 திட்டுகள், வெவ்வேறு சோலைகளை ஒட்டியவை, குறைந்தது 500 மீட்டர் இடைவெளி). ஒவ்வொரு திட்டிலும் ஒரே உயரக்கோட்டில் ஓரம் (0–20 மீட்டர்), உட்புறம் (100 மீட்டர்) ஆகிய இரு இடங்களில் தலா ஐந்து குவாட்ரட்டுகளில் 30 சென்டிமீட்டர் முதல் 1.5 மீட்டர் வரையிலான சோலைக் கன்றுகள் எண்ணப்பட்டு, இடவாரியாகக் கூட்டப்படும். இன்மை எடுகோள்: ஓர–உட்புற மடக்கை விகிதத்தின் சராசரி பூச்சியம். இது இருபக்க இணை டி-சோதனையால் 5 சதவீத மிகைகாண் நிலையில் சோதிக்கப்படும். முடிவு மடங்காகவும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியோடும் தரப்படும். வேறுபாடுகளின் பரவல் படத்தால் பார்க்கப்படும். வில்காக்சன் குறியிட்ட தரச் சோதனையின் முடிவும் உடன் தரப்படும். எந்தத் திட்டிலாவது கூட்டல் பூச்சியமானால், திட்டையும் திட்டுக்குள் இடத்தையும் சமவாய்ப்பு விளைவுகளாகக் கொண்ட எதிர்மறை ஈருறுப்புக் கலப்பு மாதிரி முதன்மைப் பகுப்பாய்வாகும். 1.5 மடங்கு வேறுபாட்டை 80 சதவீதத் திறனோடு கண்டறிய, மடக்கை வேறுபாட்டின் திட்ட விலக்கம் 0.6 எனக் கொண்டு, 20 திட்டுகள் தேவை. இது கள நோக்கு ஆய்வு. காரணத் தொடர்பு உரிமை கொண்டாடப்படாது."

மூன்று பென்சில் கேள்விகளுக்கும் இதில் பதில் இருக்கிறது. சமர்ப்பிப்பதற்கு முன் இன்னும் ஒரு மாலை வேலை உண்டு. 20 திட்டு, இரண்டு இடம், ஐந்து குவாட்ரட் என்று 200 வரிகள் கொண்ட வெற்று அட்டவணையைத் திறந்து, வாய்க்கு வந்த எண்களை நிரப்பி, கூட்டல் முதல் சோதனை வரை ஓட்டிப் பாருங்கள். என் மாணவிக்கு அங்கேதான் தெரிந்தது, அவளுடைய களப்படிவத்தில் திட்டு எண்ணுக்கு ஒரு கட்டமே இல்லை என்று. மன்னவனூர் மழையில் நனைந்த படிவங்களை வைத்துக்கொண்டு, எந்த ஓரம் எந்த உட்புறத்தின் இணை என்று தேடும் நிலை அவளுக்கு வரவில்லை.